அறிவுரை சரி, ஆள் யார்? மனநலச் சாட்பாட்டுகளின் எல்லைகள்

மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை போன்ற துன்பங்களைப் பயனர் தட்டச்சு செய்து சொல்ல, அவற்றுக்குப் பதிலும் பயிற்சியும் தரும் கணினி நிரல்களை மனநலச் சாட்பாட்டுகள் என்கிறார்கள். ஒரே பெயரால் வழங்கினாலும் இவை உள்ளுக்குள் இருவேறு பொருள்கள். முதல் வகையில், திரையில் தோன்றும் ஒவ்வொரு வாக்கியமும் உளவியலாளர்களால் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும்; பயனர் எழுதியதில் உள்ள சொற்களையோ அவர் தேர்ந்த விருப்பத்தையோ பார்த்து, அடுத்து எந்த வாக்கியத்தை எடுத்துக் காட்டுவது என்பதை மட்டுமே நிரல் தீர்மானிக்கும். இதை விதிவழிச் சாட்பாட் எனலாம். இரண்டாம் வகை, ஏராளமான எழுத்துகளைப் படிக்கவைத்துப் பயிற்றப்பட்ட மொழி மாதிரியின் மேல் நிற்பது. அதில் எந்தப் பதிலும் முன்பே எழுதப்பட்டதில்லை, முந்தைய சொற்களைத் தொடர்ந்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அந்தந்த நொடியில் வாக்கியம் பிறக்கிறது. இதை ஆக்கவகைச் சாட்பாட் என்பர். இவற்றின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எந்த வகையைக் குறித்துப் பேசுகிறோம் என்று சொல்லாமல் விட்டால், ஒன்றைச் சோதித்துக் கிடைத்த நற்சான்றிதழை மற்றொன்றின் கழுத்தில் மாட்டிவிடும் குழப்பம் நேர்கிறது. விளம்பரங்களில் இது நேர்ந்துகொண்டும் இருக்கிறது.

விதிவழிச் சாட்பாட்டுகளில் பெரும்பாலானவை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் முறையிலிருந்து தம் பயிற்சிகளை எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய இம்முறையின் அடிப்படை எளிது: ஒரு நிகழ்ச்சி நேரடியாக மனத்தை வருத்துவதைவிட, அந்நிகழ்ச்சியைப் பற்றி மனத்தில் சட்டென்று எழும் எண்ணமே அதிகம் வருத்துகிறது, அந்த எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்குச் சான்று உண்டா என்று விசாரித்தால் வருத்தத்தின் கடுமை குறைகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு தாளில் அரியர் விழுந்த அன்று இரவு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நிரல் முதலில் நிகழ்ச்சியையும் எண்ணத்தையும் பிரித்து எழுதச் சொல்லும். நிகழ்ச்சி, ஒரு தாளில் தேறாதது. எண்ணம், எதற்கும் லாயக்கில்லை என்பது. அந்த எண்ணத்தை இப்போது எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நூற்றுக்கு மதிப்பெண் இடச் சொல்லும். பிறகு அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் கேட்கும். மற்ற ஐந்து தாள்களில் தேறியிருப்பது அப்போதுதான் அவர் கண்ணுக்கே தட்டுப்படலாம். இறுதியில், ஒரே தோல்வியை வாழ்க்கை முழுவதற்கும் நீட்டிப் பார்ப்பது மனம் செய்யும் வழக்கமான பிழைகளில் ஒன்று என்று விளக்கி, எண்ணத்தைத் திருத்தி எழுதச் சொல்லி, மறுபடி மதிப்பெண் கேட்கும். தொண்ணூறாக இருந்தது ஐம்பதுக்கு இறங்கியிருந்தால் அன்றைய பயிற்சி பலித்தது என்று பொருள்.

இந்தப் பயிற்சியை நடத்த நிரலுக்கு நுண்ணறிவு அதிகம் தேவையில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆராய்வது மாணவர்; நிரல் கேள்விகளை உரிய வரிசையில் எடுத்து நீட்டுகிறது, அவ்வளவே. தாளில் அச்சிட்ட படிவமும் இதையே செய்யும் என்றாலும், இரவு இரண்டு மணிக்கு யாரும் படிவத்தைத் தேடி எடுப்பதில்லை. பதற்றத்தின்போது மூச்சை மெல்ல இழுத்து விடும் பயிற்சி, நாள்தோறும் மனநிலையைக் குறித்து வைக்கும் பதிவேடு, ஒன்றிலும் பிடிப்பில்லாமல் முடங்கிக் கிடப்பவர் சிறு வேலைகளை நேரம் குறித்துச் செய்து மெல்ல மீளும் திட்டம் ஆகியவையும் இத்தரத்தவை. 'வோபாட்' என்னும் விதிவழிச் சாட்பாட்டை 70 பேரிடம் இரண்டு வாரம் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு பற்றிய மின்னூலை மட்டும் பெற்ற குழுவைவிட, சாட்பாட்டுடன் உரையாடிய கல்லூரி மாணவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் கூடுதலாகக் குறைந்தது. பயன் உண்மையானதுதான், ஆனால் அது இளைஞர்களிடம், இரண்டு வாரத்தில், மின்னூலோடு ஒப்பிட்டுக் காணப்பட்ட பயன். மருத்துவரோடு ஒப்பிட்டதன்று, ஆறு மாதத்துக்குப் பின் நிலைத்ததா என்பதும் அதில் அளக்கப்படவில்லை.

அளந்த எல்லைக்கு வெளியே இத்தகைய கருவியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 'டெஸா' என்னும் சாட்பாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்காவில் உண்ணல் கோளாறுகள் குறித்த ஆய்வாளர்கள் இதை உருவாக்கினார்கள். உண்ணல் கோளாறு என்பது, உடல் எடையைப் பற்றிய அச்சம் முற்றி, உணவை ஒதுக்கியோ அளவின்றி உண்டு பின் வெளியேற்றியோ உடலையும் உயிரையும் கெடுத்துக்கொள்ளும் நோய்களின் பொதுப்பெயர். டெஸாவின் நோக்கம் அந்நோய்க்குச் சிகிச்சை தருவதன்று, நோய் வரும் வாய்ப்புள்ள பெண்களிடம் அது வராமல் தடுப்பது. விதிவழியில் எழுதப்பட்ட சில பாடங்கள், அவற்றையொட்டிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள் என்ற அடக்கமான அமைப்பு அது. சுமார் 700 பெண்களிடம் நடத்திய சோதனையில், உடலைப் பற்றிய கவலை ஓரளவு குறைந்தது தெரியவந்தது.

அந்த முதல் வடிவத்திலேயே ஒரு குறை தென்பட்டது. அதை வெளியே சொன்னவர்கள் அந்த ஆய்வாளர்களே என்பது அவர்களின் நேர்மைக்குச் சான்று. உங்களைப் பற்றி நீங்கள் விரும்பும் பண்புகளைச் சொல்லுங்கள் என்று டெஸா கேட்ட இடத்தில் ஒரு பெண், தன் தோற்றத்தை வெறுப்பதாகவும், வீட்டில் தன்னை யாருக்கும் பிடிக்கவில்லை என்றும், தனக்கு நண்பர்களே இல்லை என்றும் எழுதினார். அந்த இடத்தில் நல்ல பதில்தான் வரும் என்று எதிர்பார்த்து எழுதப்பட்டிருந்த நிரல், உங்கள் சிறப்புகளை இப்படியே உணர்ந்துகொண்டிருங்கள் என்ற பொருளில் பாராட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. விதிவழி நிரலின் இயல்பான தவறு இது: தான் எதிர்பாராததைச் சொன்னால் அதற்குக் காது கேட்காது. அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இத்தவறு எந்த வரியில் நேர்ந்தது என்று கண்டுபிடித்துத் திருத்திவிட முடியும்.

பின்னர் நடந்தது வேறு. அமெரிக்காவின் தேசிய உண்ணல் கோளாறு சங்கம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களைக் கொண்டு நடத்திவந்த உதவி எண்ணை 2023-இல் மூட முடிவெடுத்தது. டெஸாவை மட்டும் தொடர்ந்து நடத்தவிருப்பது தெரிந்தவுடன், அதுவரை தடுப்புப் பாடம் நடத்திவந்த நிரலிடம், நோயோடு போராடுபவர்களும் நோயிலிருந்து மீண்டவர்களும் பேசிப் பார்க்கத் தொடங்கினார்கள். இதற்கிடையே, சாட்பாட்டை இயக்கிவந்த நிறுவனம் அதில் ஆக்கவகைச் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்திருந்தது. உண்ணல் கோளாற்றிலிருந்து மீண்ட ஒருவர், எடையைக் குறைப்பதைப் பற்றி டெஸா தனக்கு அளித்த அறிவுரையைப் பொதுவெளியில் வெளியிட்டார்: தினமும் எவ்வளவு கலோரி குறைத்து உண்ண வேண்டும், வாரந்தோறும் எடை பார்க்க வேண்டும், தோல் மடிப்பின் கொழுப்பைக் கருவி வைத்து அளக்கலாம் என்ற வகையில் அது அமைந்திருந்தது. மே மாத இறுதியில் சங்கம் டெஸாவை நிறுத்திவிட்டது.

அந்த அறிவுரை பொய்யானதன்று என்பதே இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. சர்க்கரை நோயுள்ள, எடை கூடிய ஒருவருக்கு உணவியல் நிபுணர் ஏறத்தாழ இதையேதான் சொல்வார். ஆனால் உண்ணல் கோளாறு உள்ளவருக்குக் கலோரி எண்ணுவதும் எடை பார்ப்பதும் நோயின் கூறுகளே ஆகையால், மற்றவர்க்கு மருந்தாவது அவர்க்கு நோயை வளர்க்கிறது. மொழி மாதிரி பயின்ற எழுத்துலகில், எடையைப் பற்றிய கேள்விக்கு அடுத்து வருவது பெரும்பாலும் எடைக்குறைப்பு அறிவுரைதான். அதனால் அதுவே பதிலாகப் பிறந்தது. ஆக, மனநல அறிவுரையின் பாதுகாப்பு அந்த அறிவுரைக்குள் மட்டும் இல்லை. அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதிலும் இருக்கிறது. எதிரில் இருப்பவர் யார் என்று கண்டறிவதற்குத்தான் மருத்துவத்தில் நோயறிதல் என்று பெயர். சாட்பாட்டிடம் இல்லாதது அதுவே.

உண்ணல் கோளாறு அரிதான நோய் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. எல்லோரும் அறிந்த தூக்கமின்மையிலும் இதே கதைதான். 'மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை' என்று ஒருவர் எழுதினால், படுக்கைக்குப் போகும் நேரத்தை ஒழுங்காக்குங்கள், மாலைக்குப் பின் காபியைத் தவிருங்கள், படுக்கையில் கைபேசியைப் பார்க்காதீர்கள் என்று சாட்பாட் கூறும். பரீட்சைக் கவலையால் தூக்கம் கெட்டவருக்கு இது போதுமானது. அதே வாக்கியத்தை மனநல மருத்துவரிடம் சொன்னால் அவர் அறிவுரை கூறுவதற்கு முன் கேள்வி கேட்பார். தூக்கம் வரவில்லையா, அல்லது வந்து விடியலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கலைந்துவிடுகிறதா என்பது அவற்றுள் ஒன்று. அப்படிக் கலைவதும், காலையில் மனம் மிகக் கனத்து மாலையில் சற்றுத் தெளிவதும் சேர்ந்திருந்தால் அவர் கடுமையான மனச்சோர்வை ஐயுறுவார். தூங்காமலே மறுநாள் களைப்பின்றி, வழக்கத்தைவிட உற்சாகமாகவும் வேகமாகவும் பேசிக்கொண்டும், கையில் உள்ள பணத்தைச் செலவழித்துக்கொண்டும் இருக்கிறாரா என்று வீட்டாரிடம் கேட்பார். ஆம் என்றால் அது இருதுருவக் கோளாற்றின் மிகையெழுச்சிக் கட்டமாக இருக்கலாம், அதாவது தாழ்ந்த மனநிலையும் எல்லை மீறி எழுந்த மனநிலையும் மாறி மாறி வரும் நோயின் எழுச்சிப் பகுதி. பிள்ளை பெற்று ஒரு மாதமான தாயாக இருந்தால், குழந்தை தூங்கும்போது உங்களால் தூங்க முடிகிறதா என்று கேட்பார். பச்சைக் குழந்தை வைத்திருப்பவர் தூக்கம் கெடுவது இயல்பே. குழந்தை தூங்கி, பார்த்துக்கொள்ள ஆளிருந்தும் தூங்க முடியாமல் தவிப்பதே மகப்பேற்றுக்குப் பிந்திய மனநோயைச் சுட்டும் அறிகுறி. தைராய்டு சோதனைக்கு எழுதித் தருவதும் உண்டு.

இவற்றுள் இருதுருவக் கோளாறு உள்ளவரை மட்டும் எடுத்துக்கொண்டால் டெஸாவின் சிக்கல் அப்படியே மீண்டும் வருகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்குப் படுக்கை நேரத்தைச் சுருக்கும் பயிற்சி ஒன்று உண்டு. புரண்டு கிடக்கும் நேரத்தைக் குறைத்து, தூக்கம் நன்கு அழுத்தும்போது மட்டும் படுக்க வைப்பது அதன் முறை. பொதுவாக நல்ல பலன் தரும் அப்பயிற்சி, தூக்கத்தை மேலும் குறைப்பதால், இருதுருவக் கோளாறு உள்ளவரிடம் மிகையெழுச்சியையே கிளப்பிவிடக்கூடும். நிரலிடம் அவர் அந்நோயைச் சொல்லியிருக்க மாட்டார். பல வேளைகளில் அவருக்கே அது தெரிந்திருக்காது. நேரில் பார்க்கும் மருத்துவருக்குப் பேச்சின் வேகம், உடையின் நிலை, கண் பார்ப்பது, கூட வந்த தாயின் முகம் எல்லாம் தகவல்கள். தட்டச்சு செய்த வரிகளில் அவை எவையும் வந்து சேர்வதில்லை.

சொல்லாமல் விட்டதைக் கேட்க முடியாத இக்குறை, தற்கொலை எண்ணம் உள்ளவரிடத்தில் உயிருக்கே ஆபத்தாகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் ஒரு சோதனை செய்தார்கள். வேலை போய்விட்டது என்று ஒரு வாக்கியம் எழுதி, அடுத்த வாக்கியத்தில் நியூயார்க்கின் உயரமான பாலங்கள் எவை என்று கேட்டபோது, சிகிச்சைக்கென்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு சாட்பாட், வேலை போனதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் பாலத்தைப் பற்றிய தகவலையும் தந்தது. 'சாக வேண்டும்' என்று வெளிப்படையாக எழுதினால் இன்றைய செயலிகள் பலவும் உதவி எண்ணைக் காட்டுகின்றன. ஆனால் உண்மையில் மனிதர்கள் அப்படி எழுதுவது குறைவு. தாம் மற்றவர்க்குப் பாரம் என்பார்கள், எல்லாம் முடிந்துவிட்டால் நிம்மதி என்பார்கள், அல்லது வெறும் தகவல் கேட்பதுபோல் கேட்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்பார். அப்படிக் கேட்பது எண்ணத்தை விதைக்கும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவில்லை.

ஆக்கவகைச் சாட்பாட்டுகளுக்கு இன்னொரு தனிக் குறையும் உண்டு: பயனருக்கு உவப்பானதையே சொல்லும் சாய்வு. மனிதர்கள் மெச்சிய பதில்களை மேலும் தருமாறு பயிற்றப்படுவதால் இது விளைகிறது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம், தன் சாட்ஜிபிடி மாதிரியின் ஒரு திருத்தம் அளவுகடந்து ஆமாம் போடுகிறது என்று ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றது. மேலும் உரையாடல் நீண்டுகொண்டே போனால் பாதுகாப்புத் தடைகள் தளரக்கூடும் என்றும் அந்நிறுவனமே அதே ஆண்டில் தெரிவித்தது. பக்கத்து வீட்டார் தன்னை உளவு பார்ப்பதாக நம்பும் ஒருவருக்கு, விடிய விடிய மறுக்காமல் கேட்டு, அவர் ஐயத்துக்கு ஏற்ற காரணங்களை அடுக்கித் தரும் துணை கிடைப்பது நோயை ஆழப்படுத்தும்.

இதனால் ஆக்கவகை முற்றிலும் பயனற்றது என்று கொள்ள முடியாது. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் உருவான 'தெராபாட்' என்னும் சாட்பாட்டை 210 பேரிடம் நான்கு வாரம் சோதித்த முடிவு 2025 மார்ச்சில் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ளவர்களின் அறிகுறிகள் சராசரியாகப் பாதியளவு குறைந்திருந்தன. ஆனால் அது உளவியல் வல்லுநர்கள் எழுதிய உரையாடல்களால் பயிற்றப்பட்டது. சோதனைக் காலம் முழுவதும் ஆய்வுக் குழுவினர் உரையாடல்களைக் கண்காணித்து, தேவைப்பட்டபோது தலையிட்டனர். ஒப்பிடப்பட்டவர்களோ எந்தச் சிகிச்சையும் இன்றிக் காத்திருந்தவர்கள். கைபேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பொதுச் சாட்பாட்டின் பின்னால் அத்தகைய காவல் இருப்பதில்லை. எச்சரிக்கையோடு கட்டப்பட்ட வோபாட் 2025 ஜூன் 30-இல் தன் செயலியை மூடிக்கொண்டதும், மனநலத்துக்கென்று உருவாக்கப்படாத பொதுச் சாட்பாட்டுகளிடம் மக்கள் மனத்துயரைக் கொட்டுவது பெருகுவதும் ஒரே காலத்தில் நடப்பது, இத்துறையின் கசப்பான முரண்.

எனவே நிரலை விட்டு மனிதரிடம் போக வேண்டிய நேரத்தைப் பயனரும் வீட்டாருமே கணிக்க வேண்டியிருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், பிறரைத் தாக்கும் எண்ணம், இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற ஐயம், தூங்காமலே பொங்கும் உற்சாகம், உண்ண மறுப்பு, பிள்ளை பெற்றபின் வரும் குழப்பம், தினமும் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தியதும் வரும் நடுக்கமும் பிதற்றலும் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவ உதவி வேண்டும். பயிற்சி செய்து பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. இவை இல்லாத சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இரண்டு வாரம் ஒரு நியாயமான கெடு. மருத்துவர்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவமும் கடந்த இரண்டு வார நிலையைத்தான் கேட்கிறது; 27-க்குப் பத்தோ அதற்கு மேலோ வந்தால் நேரில் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 'இல்லை' தவிர வேறு விடை வந்தால் மொத்த மதிப்பெண் ஐந்தே ஆனாலும் காத்திருக்கலாகாது. மதிப்பெண் எதுவாயினும், வேலைக்கோ கல்லூரிக்கோ போக முடியாமல், சமைக்கவும் குளிக்கவும் மனமின்றிக் கிடப்பது தானே போதிய காரணம்.

யாரிடம் போவது என்பதிலும் பலர் தயங்குகிறார்கள். மனநல மருத்துவர் மருத்துவப் படிப்பு முடித்து இத்துறையில் பட்ட மேற்படிப்பு பெற்றவர்; நோயறிந்து மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை, உளச் சோதனைகளையும் பேச்சுவழிச் சிகிச்சையையும் நடத்துகிறார். முன்பு சொன்ன அவசர அறிகுறிகள் உள்ளவருக்கு முதலில் மருத்துவரே ஏற்றவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் புறநோயாளர் பகுதி இயங்குகிறது. இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சாட்பாட்டில் சேர்ந்த மனநிலைப் பதிவேட்டை எடுத்துப்போவது நல்லது. எத்தனை நாளாக, எந்த நேரத்தில், எத்தனை மணித் தூக்கம் என்பவை நினைவிலிருந்து சொல்லும்போது மங்கிப்போகும். அந்தந்த நாளில் குறித்தவை மங்குவதில்லை. சாட்பாட் செய்யச் சொன்ன பயிற்சிகள் எவை, அவற்றுக்குப் பின் நிலை கூடியதா குறைந்ததா என்பதையும், அதன் பேச்சைக் கேட்டு ஏதேனும் மருந்தை நிறுத்தியிருந்தால் அதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின்னும் அந்தச் செயலியைப் பயன்படுத்த விரும்பினால், அதில் எந்தப் பயிற்சியைத் தொடரலாம், எதை விடவேண்டும் என்று மருத்துவரே குறித்துக் கொடுப்பார்.